முன்மொழிவுக் கோரலை மூன்று பக்கமாக்குதல்

முன்மொழிவுக் கோரல் ஆவணம் வந்து சேர்ந்ததும் பெரும்பாலான குழுக்கள் முதற்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகின்றன. நாற்பதாம் பக்கத்துக்கு வருவதற்குள் களைத்துப்போய், மீதியை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். முடிவில் ஒவ்வொருவருக்கும் தன் பகுதி தெரியும், முழு ஆவணமும் ஒருவருக்கும் தெரியாது. இந்த அத்தியாயம் அந்த ஆவணத்தை மூன்று பக்கமாகச் சுருக்கும் முறையைச் சொல்கிறது. முதல் பக்கத்தில் பணியின் வரையறை, இரண்டாவதில் மதிப்பீட்டுப் புள்ளிகள், மூன்றாவதில் குழு பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்விகள்.

பயிற்சிக்கு ஒரு ஆவணத்தை எடுத்துக்கொள்வோம். திருகோணமலை மாவட்டத்தின் குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவில், புல்மோட்டை வீதியை ஒட்டிய திரியாயிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் உள்ள 12 குளங்களைப் புனரமைக்க ஆய்வும் வரைபடங்களும் தயாரிக்கும் ஆலோசனைச் சேவை அது. 12 குளம் என்பதும் கீழே வரும் புள்ளிகள், திகதிகள், தொகைகள் எல்லாமும் பயிற்சிக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆவணத்தின் அமைப்பு மட்டும் உண்மையானது. ஆலோசகர் தெரிவுக்காக உலக வங்கி வெளியிட்டுள்ள நியம ஆவணத்தின் அமைப்பு அது. வங்கி நிதியில் இலங்கையில் நடக்கும் வேலைகளில் இந்த அமைப்பைத்தான் காண்பீர்கள். அரச நிதியில் நடப்பவற்றுக்கு 2025 ஜனவரி 1 முதல் தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் பொருந்தும். உங்கள் கையிலுள்ள ஆவணம் எதன்படி எழுதப்பட்டது என்பதை முதலிலேயே பார்த்துக் குறித்துவிடுங்கள்.

உலக வங்கி ஆவணத்தில் அழைப்புக் கடிதத்துக்கு அடுத்ததாக ஆலோசகருக்கான அறிவுறுத்தல்கள் வரும். அந்தப் பகுதியை வேலை கொடுப்பவர் மாற்ற முடியாது. எந்த நாட்டில் எந்த வேலைக்கு வெளியிட்டாலும் அதன் வாசகம் ஒன்றேதான். இந்த வேலைக்கென எழுதப்பட்டவை முழுக்க அதைத் தொடரும் டேட்டா ஷீட்டில் இருக்கும். அறிவுறுத்தலும் டேட்டா ஷீட்டும் முரண்பட்டால் டேட்டா ஷீட் சொல்வதே செல்லும். ஆகவே வாசிப்பை அங்கிருந்து தொடங்குங்கள். அடுத்து படிவங்கள், அதன் பின் டிஓஆர் என்று எல்லோரும் சொல்லும் பணி விதிமுறைகள், பிறகு ஒப்பந்தத்தின் சிறப்பு நிபந்தனைகள். அறிவுறுத்தல்களைக் கடைசியில் வாசித்தால் போதும், ஆனால் வாசிக்காமல் விடக்கூடாது. காரணம் மூன்றாம் பக்கத்தைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

வாசிக்குமுன் ஒரு சோதனை. கோப்பில் ஏதாவது ஒரு சொல்லைச் சுட்டியால் தெரிவுசெய்து பாருங்கள். முடியவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த பிரதி, அதில் எந்தச் சொல்லைத் தேடினாலும் அகப்படாது. தேடிப் பார்த்து "பிணை பற்றி ஒன்றுமே இல்லை" என்று எழுதிய சுருக்கங்கள் இப்படிப்பட்ட கோப்புகளிலிருந்து பிறந்தவைதான். எழுத்துணரி மென்பொருளில் போட்டு எடுத்த பிறகு தேடுங்கள். இலக்கங்களை மட்டும் கண்ணால் பார்த்துச் சரிபிடியுங்கள்.

முதற் பக்கம்: என்ன வேலை, எவ்வளவு, எப்போது

டிஓஆரில் பின்னணி, குறிக்கோள், நோக்கெல்லை என்று பல பக்கங்கள் வரும். அவற்றைச் சுருக்கி எழுதுவது வேலையைச் சுருக்குவதாகாது. விலை போடுகிறவருக்கும் முறையியல் எழுதுகிறவருக்கும் தேவைப்படுவது நான்கு விடயங்கள்: என்ன செய்வது, எத்தனை, எந்தத் திகதிக்குள், யார் செலவில். நான்கில் ஒன்று ஆவணத்தில் இல்லாவிட்டால், அது இல்லை என்பதையும் சுருக்கத்தில் எழுதவேண்டும்.

"ஆலோசகர் தேவையான மண் ஆய்வுகளை மேற்கொள்வார்" என்று டிஓஆரில் ஒரு வரி வருகிறது என்று வையுங்கள். அதை அப்படியே சுருக்கத்துக்குள் இறக்கினால் யாருக்கும் பயனில்லை. சுருக்கத்தில் அது இப்படி வரவேண்டும்:

"மண் துளை ஆய்வு. எண்ணிக்கை தரப்படவில்லை (டிஓஆர் 4.3, பக். 71). ஒப்பந்தம் மொத்தத் தொகை வகை, தனியாகக் கொடுப்பனவு இல்லை (பக். 38). எங்கள் எடுகோள்: குளம் ஒன்றுக்கு 3, மொத்தம் 36. விளக்கம் கேட்கவேண்டும்."

மொத்தத் தொகை ஒப்பந்தம் என்பதால் இந்த ஒரு வரிக்குள் பணம் இருக்கிறது. வேலை கிடைத்த பிறகு, குளக்கட்டில் மூன்றும் துருசடியில் ஒன்றும் வானடியில் ஒன்றும் என்று குளத்துக்கு ஐந்து துளை கேட்டால் மொத்தம் 60 ஆகிறது. மேலதிகமான 24 துளைகளும் ஆலோசகர் தலையில்தான். கால அடிப்படை ஒப்பந்தமாக இருந்தால் கதை வேறு. ஆகவே முதற் பக்கத்தின் முதல் வரியே ஒப்பந்த வகையைச் சொல்லவேண்டும்.

காலத்தை எழுதும்போது ஆவணத்திலுள்ள "3ஆம் மாத முடிவு" என்பதை அப்படியே எழுதாதீர்கள். நாட்காட்டி மாதமாக மாற்றுங்கள். நம் பயிற்சி ஆவணத்தில் முன்மொழிவு ஒப்படைக்கும் கடைசி நாள் மே 14, அது செல்லுபடியாகும் காலம் 120 நாள். மே 14 இலிருந்து 120 நாள் போனால் செப்டெம்பர் 11. வேலை தொடங்கும் உத்தேசத் திகதி ஒக்டோபர் 1 என்று டேட்டா ஷீட் சொல்கிறது. அப்படியானால் 3ஆம் மாத முடிவு என்பது டிசெம்பர் 31. அந்த நாளுக்குள் குளத்தின் உட்பகுதி உட்பட நில அளவை அறிக்கை கொடுக்கவேண்டும்.

திரியாய்ப் பக்கத்தில் வடகீழ்ப் பருவமழை உச்சத்தில் நிற்கும் காலம் அது. குளங்கள் நிறைந்து வான் பாயும், கமக்காரர்கள் பெரும்போக வயலில் நிற்பார்கள். குளத்தின் உட்பகுதியை அளக்கவும் முடியாது, கமக்காரர் அமைப்புகளைக் கூட்டத்துக்கு அழைக்கவும் முடியாது. குளங்கள் வற்றிக் கிடப்பது சிறுபோகத்தின் பிற்பகுதியில், ஓகஸ்ட், செப்டெம்பரில். ஆவணத்தில் இந்தச் சிக்கல் எங்கும் எழுதப்பட்டிருக்காது. மாதங்களின் பெயரை எழுதிப் பார்த்தால்தான் அது கண்ணில் படும். கண்ணில் பட்டதும் குழுவுக்கு இரண்டு வழி. அறிக்கைத் திகதியை மாற்ற இடமுண்டா என்று விளக்கம் கேட்கலாம். அல்லது ஒக்டோபர் முதல் வாரங்களில் குளங்களின் உட்பகுதியை முதலில் அளந்து, கட்டையும் வாய்க்கால்களையும் பிறகு அளக்கும் ஒழுங்கை முறையியலில் வைக்கலாம். இரண்டாவது வழி புள்ளியும் பெற்றுத் தரக்கூடியது.

அனுமதிகளும் இந்தப் பக்கத்துக்கு உரியவை. "உரிய அதிகாரிகளின் அங்கீகாரத்தைப் பெறுதல்" என்று டிஓஆர் ஒரே வரியில் முடித்துவிடும். யார் அந்த உரிய அதிகாரி? 80 ஹெக்டேயர் வரை நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அதைவிடப் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களுக்கு உரியவை. 12 குளங்களும் ஒரே அலுவலகத்தின் கீழ் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. திரியாய்க் குன்றில் கிரிஹண்டு சேய இருக்கிறது. அந்தச் சுற்றாடல் தொல்பொருள் இடம். பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் துளையிட வேண்டி வந்தால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இன்றிக் கைவைக்க முடியாது. அந்த அனுமதியை வேலை கொடுப்பவர் எடுத்துத் தருவாரா, ஆலோசகர் ஓடித் திரிந்து எடுக்கவேண்டுமா, தாமதமானால் அந்த நாட்கள் யார் கணக்கில் சேரும் என்பவை விலையையும் கால அட்டவணையையும் நேரடியாகத் தொடுகின்றன. வேலை கொடுப்பவர் தரும் வசதிகள் டேட்டா ஷீட்டில் 2.4 என்ற இலக்கத்தில் இருக்கும். அங்கே இந்த அனுமதி இல்லாவிட்டால், அது உங்கள் பொறுப்பு என்று வைத்தே சுருக்கத்தை எழுதுங்கள்.

இரண்டாம் பக்கம்: புள்ளி எங்கே இருக்கிறது

மதிப்பீட்டு அளவுகோல் டேட்டா ஷீட் 21.1 இலும், தொழில்நுட்பத்துக்கும் விலைக்குமான நிறை 27.1 இலும் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு இலக்கம் சற்று மாறலாம். நம் ஆவணத்தில் நிறுவனத்தின் அனுபவத்துக்கு 10, முறையியலுக்கும் வேலைத் திட்டத்துக்கும் 30, பிரதான நிபுணர்களுக்கு 50, பயிற்சி மற்றும் அறிவுப் பகிர்வுக்கு 10. சித்தியடையக் குறைந்தது 75 வேண்டும். இறுதிக் கணக்கில் தொழில்நுட்பம் 80, விலை 20.

இதைப் பார்த்ததும் வேலையைப் பகிரும் விதம் மாறவேண்டும். நிறுவனத்தின் பழைய வேலைகளைப் பற்றி அழகான பக்கங்கள் தயாரிப்பதிலேயே பல குழுக்கள் ஒரு வாரத்தைக் கழிக்கின்றன. அங்கே இருப்பது மொத்தம் 10 புள்ளி. நான்கு பேரின் சுயவிபரக் கோவைகளிலோ 50 இருக்கிறது. அந்த 50ஐ இன்னும் பிரித்து எழுதுங்கள்: குழுத் தலைவர் 20, நீரியல் நிபுணர் 12, சமூகவியல் நிபுணர் 12, சுற்றாடல் நிபுணர் 6. ஒவ்வொருவரின் புள்ளிக்குள்ளும் பொதுத் தகைமைக்கு 20 வீதம், இந்த வேலைக்குப் பொருத்தமான அனுபவத்துக்கு 70 வீதம், பிரதேசத்தையும் மொழியையும் அறிந்திருப்பதற்கு 10 வீதம் என்று ஆவணம் சொல்கிறது. குழுத் தலைவரின் பட்டங்கள் அத்தனைக்கும் சேர்த்து 4 புள்ளி. அவர் குளப் புனரமைப்பில் செய்த வேலைக்கு 14. பேராசிரியரைத் தேடிப் போகவேண்டுமா, குளக்கட்டில் நின்று பழகிய பொறியியலாளரைத் தேடிப் போகவேண்டுமா என்பதற்கு விடை இந்த வரியிலேயே கிடைத்துவிடுகிறது.

அடுத்தது 75 என்ற எல்லை. அதன் பொருளைக் கணக்காகவே பக்கத்தில் எழுதிவையுங்கள். சமூகவியல் நிபுணர் ஒருவரும் அகப்படவில்லை, பெயருக்கு ஒருவரைப் போட்டு அவருக்குப் புள்ளியே கிடைக்கவில்லை என்று வைப்போம். மீதி 88 புள்ளியில் குழு எல்லாவற்றிலும் 84 வீதம் எடுத்தாலும் கிடைப்பது 73.9. சித்தியில்லை. விலை உறை திறக்கப்படாமலே திரும்பி வரும். எவ்வளவு மலிவாக விலை போட்டிருந்தாலும் அதை யாரும் பார்க்கப்போவதில்லை. 12 புள்ளிக்குரிய ஒருவரை எப்போது தேடத் தொடங்கவேண்டும் என்ற கேள்விக்கு இந்தக் கணக்கு பதில் சொல்லிவிடும்.

விலையின் நிறையையும் இப்படித்தான் காட்டவேண்டும். நியம ஆவணத்தின் சூத்திரங்கள் இவை:

```
Sf = 100 × Fm / F
S  = St × T + Sf × P
```

Fm என்பது சித்தியடைந்தவர்களுள் ஆகக் குறைந்த விலை. F உங்கள் விலை. St தொழில்நுட்பப் புள்ளி. T, P என்பவை 0.80, 0.20. நம் குழு தொழில்நுட்பத்தில் 90 எடுத்து 48 மில்லியன் ரூபாய் விலை போடுகிறது. மற்றக் குழு 80 எடுத்து 36 மில்லியன் போடுகிறது. நமது விலைப் புள்ளி 75, அவர்களுக்கு 100. இறுதியில் நமக்கு 72 உடன் 15 சேர்ந்து 87, அவர்களுக்கு 64 உடன் 20 சேர்ந்து 84. மூன்றிலொரு பங்கு கூடுதலாக விலை போட்டும் நாம் முன்னுக்கு நிற்கிறோம். நம் விலை 60 மில்லியனுக்கு ஏறினால்தான் இருவரும் சமப்படுவோம்.

இதே புள்ளிகளும் விலைகளும் இருக்க, நிறை 70க்கு 30 என்று இருந்தால் நமக்கு 85.5, அவர்களுக்கு 86. தோற்றுவிட்டோம். டேட்டா ஷீட்டில் ஒரு வரியில் நிற்கும் இந்த இரண்டு இலக்கங்கள், கூடுதல் சம்பளம் கேட்கும் நல்ல நிபுணரை எடுக்கலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இரண்டாம் பக்கத்தில் நிறையை மட்டும் எழுதி விடாமல், உங்கள் விலைக்கும் போட்டியாளரின் உத்தேச விலைக்கும் இப்படி ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். முடிவெடுக்கும் பணிப்பாளர் அதைத்தான் பார்ப்பார். ஒப்பிடும் விலையில் எந்த வரிகள் சேரும், எவை சேரா என்பது 25.1 இல் இருக்கும், அதையும் கணக்கின் அடியில் ஒரு வரியாகக் குறியுங்கள்.

மூன்றாம் பக்கம்: பதில் சொல்லியே ஆகவேண்டியவை

இங்கே நடக்கும் பெரிய தவறு, ஆவணம் கேட்கும் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடுவது. நூறு வரி வந்துவிடும், யாரும் பார்க்கமாட்டார்கள். இல்லாவிட்டால் முன்மொழிவே நிராகரிக்கப்படும் என்பவை ஒரு வகை. இல்லாவிட்டால் புள்ளி குறையும் என்பவை இன்னொரு வகை. மூன்றாம் பக்கம் முதல் வகைக்கு மட்டுமானது. இரண்டாவது வகை ஏற்கெனவே புள்ளிப் பக்கத்தில் வந்துவிட்டது.

முதல் வகையைப் பிடிக்க, ஆவணம் முழுவதும் `shall`, `must`, `rejected`, `disqualified`, `non-responsive` ஆகிய சொற்களைத் தேடுங்கள். `shall` நூற்றுக்கணக்கில் வரும், அவற்றுள் பெரும்பகுதி ஒப்பந்தக் காலக் கடமைகள், ஒதுக்கிவிடலாம். கடைசி மூன்று சொற்களும் சில இடங்களில்தான் வரும், அவற்றில் ஒன்றையும் தவறவிடக் கூடாது. அவற்றுள் பல இருப்பது யாரும் வாசிக்காத அந்த அறிவுறுத்தல்கள் பகுதியில். ஒவ்வொரு பிரதான நிபுணர் பதவிக்கும் ஒரே ஒருவரின் கோவைதான் இருக்கவேண்டும், மாற்று ஆள் என்று இரண்டாவது பெயரைப் போட்டால் முன்மொழிவே ஏற்கப்படாது. தொழில்நுட்ப உறைக்குள் முக்கியமான விலைத் தகவல் இருந்தால் அதற்கும் அதே கதிதான். துளை ஆய்வுக்கு இவ்வளவு செலவாகும் என்று முறையியலில் ஒரு அட்டவணை போட்ட பொறியியலாளர் நல்ல நோக்கத்தோடு போட்டிருப்பார், ஆனால் குழுவின் உழைப்பு முழுவதும் அதோடு போய்விடும். நிபுணரின் சம்மதமில்லாமல் அவர் பெயரைப் போட்டிருப்பது நிரூபிக்கப்பட்டாலும் நிராகரிப்புத்தான்.

நாட்டுச் சட்டத்திலிருந்து வருபவையும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பொது ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி, 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட அரச ஒப்பந்தங்களுக்குப் போட்டியிடுவோர் பொது ஒப்பந்தப் பதிவாளரிடம் பதிவுசெய்து சான்றிதழ் பெறவேண்டும். பிசிஏ 3 என்றால் எல்லோருக்கும் தெரியும். அது அந்தந்த ஒப்பந்தத்துக்கென்றே எடுக்கவேண்டியது, போன வருடத்தையதைப் பிரதியெடுத்து வைக்க முடியாது. கடைசி நாளுக்கு முதல்நாள் திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஆள் அனுப்பும் நிலை வராமலிருக்க, பட்டியலின் முதல் வரியாக அதை வையுங்கள்.

ஒவ்வொரு வரியையும் கேள்வியாக எழுதுங்கள், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக. "கையொப்பம் தொடர்பான தேவைகள்" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். "நான்கு நிபுணர்களும் தத்தம் கோவையில் கையொப்பமிட்டுத் திகதியும் போட்டாயிற்றா? பொறுப்பு யார்? மே 5க்குள் கையில் வருமா?" என்று எழுதினால் ஒருவர் தொலைபேசியை எடுப்பார். கூட்டு முயற்சியாகப் போட்டியிட்டால், "கையொப்பமிடுபவருக்குப் பங்காளர்கள் எல்லோரும் அதிகாரப் பத்திரம் கொடுத்தாயிற்றா?" என்பது இன்னொரு கேள்வி. ஆங்கில ஆவணத்தின் சரியான வாசகத்தைக் கேள்வியின் கீழ் ஒட்டி, பிரிவு இலக்கத்தையும் பக்கத்தையும் போடுங்கள். தமிழில் சுருக்கியவரின் விளக்கத்தை நம்பி ஒருவர் கையொப்பம் போடக்கூடாது, மூல வரியைப் பார்த்துத்தான் போடவேண்டும்.

விளக்கம் கேட்பதும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்த வேலைதான். டிஓஆர் ஐந்து நிபுணரைச் சொல்கிறது, டேட்டா ஷீட் நான்கு பேருக்குத்தான் புள்ளி தருகிறது என்பது போன்ற முரண்களைச் சுருக்குகிறவர் தாமாகத் தீர்க்கக் கூடாது. இரண்டையும் பக்கத்தோடு எழுதி, விளக்கக் கேள்வியாக மாற்றவேண்டும். அதற்கான கடைசி நாள் 13.1 இல் இருக்கும். ஒரு எச்சரிக்கை: யார் கேட்டது என்று சொல்லாவிட்டாலும், கேள்வியும் பதிலும் எல்லாப் போட்டியாளருக்கும் போகும். "மழைக்கு முன் குளத்தின் உட்பகுதியை அளந்தால் ஏற்பீர்களா" என்று கேட்டால் உங்கள் முறையியலை எல்லோருக்கும் கொடுத்ததாகிவிடும். "3ஆம் மாத அறிக்கையில் எந்தெந்த அளவைகள் அடங்கவேண்டும்" என்று கேளுங்கள். தேவையான பதில் வரும், உங்கள் யோசனை உங்களிடமே இருக்கும்.

சுருக்கத்தைத் தயாரித்தவர் அதைச் சரிபார்க்கக் கூடாது. இன்னொருவர் மூன்று பக்கங்களிலிருந்து மூல ஆவணத்துக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு பக்க இலக்கத்தையும் திறந்து பார்க்கவேண்டும். பக்க இலக்கம் இல்லாத வரி ஒன்றைக் கண்டால் அது ஊகம் என்று வைத்து அடித்துவிடலாம்.

திருத்த அறிவித்தல் வரும்போது மூன்று பக்கங்களையும் ஒன்றாகத் திறவுங்கள். ஒப்படைக்கும் நாளை மே 14 இலிருந்து மே 28க்குத் தள்ளியிருக்கிறார்கள் என்று வைப்போம். எல்லோரும் மகிழ்ந்து, புதிய நாளை மட்டும் மாற்றி எழுதுவார்கள். ஆனால் 120 நாள் புதிய நாளிலிருந்து எண்ணப்படும், செல்லுபடிக் காலம் செப்டெம்பர் 25 வரை நீள்கிறது. வேலை தொடங்கும் நாளும் ஒக்டோபர் நடுப்பகுதிக்குத் தள்ளப்படக்கூடும், குளத்துக்குள் இறங்கி அளக்கக் கிடைக்கும் வாரங்கள் அந்த அளவுக்குக் குறையும். நான்கு நிபுணர்களிடமும் செப்டெம்பர் 25 வரைக்கும் அதற்குப் பிறகும் வரமுடியுமா என்று மறுபடி கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டும். திருத்தத்தின் இலக்கத்தையும் திகதியையும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுதி, பழைய பிரதிகளை எல்லோரிடமிருந்தும் திரும்ப வாங்கிவிடுங்கள்.